பாடத்தின் ஸ்கேன் வந்தது, வினாத்தாள் சரியாக வரவில்லை: அறிகுறி பார்த்துத் திருத்தும் முறை

தில்லியில் டிசம்பர் பிறந்துவிட்டால், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள தமிழ் வீடுகளிலிருந்து டியூஷன் எடுப்பவர்களுக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகள் பெரும்பாலும் ஒரே வகையாக இருக்கும். போனில் எடுத்த பத்துப் பன்னிரண்டு பக்கப் படங்கள், அவற்றின் கீழே "அக்கா, சாப்டர் அனுப்பியிருக்கேன், கொஸ்டின்ஸ் போட்டுக் குடுங்க" என்ற ஒரே வரி. எத்தனை மதிப்பெண்ணுக்கு, எவ்வளவு கடினமாக, எந்த வகை வினாக்கள், விடைக்குறிப்பு வேண்டுமா என்பது எதுவும் அதில் இருக்காது. அப்படி வந்த பாடத்திலிருந்து அவசரமாக ஒரு வினாத்தாள் தயாரித்துக் கொடுத்தால், அதில் கோளாறு இருப்பது பிள்ளை எழுதி முடித்த பிறகுதான் தெரியவரும்.

அந்தக் கோளாறுகளை அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்துக்குச் செல்லும் முறையில் இங்கே எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு, சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் மின்சாரம் பாடத்தையே முழுவதும் வைத்துக்கொள்கிறேன். கணக்கும் கருத்தும் கலந்த பாடம் என்பதால், வினாத்தாள் எங்கெல்லாம் பிசகும் என்பது அதில் தெளிவாகத் தெரியும்.

அறிகுறி: விடை நம்ப முடியாத எண்ணாக வருகிறது, அல்லது புத்தகத்தின் விடையோடு ஒத்துப்போகவில்லை

இதற்கு முதற்காரணம் வினாவில் இல்லை, ஸ்கேனில் இருக்கிறது. இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து எடுத்த படத்தில், மேலே சிறிதாக அச்சிடப்பட்ட அடுக்குக்குறிகள்தான் முதலில் மங்கும். படத்திலிருந்து எழுத்தை எடுத்துக் கொடுக்கும் செயலி ஏதாவது பயன்படுத்தினால், 10⁻⁸ என்பது 10-8 என்றோ 108 என்றோ மாறிவிடும். தாமிரத்தின் மின்தடை எண் புத்தகத்தில் 1.62 × 10⁻⁸ Ω m. ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டும் உள்ள தாமிரக் கம்பியின் மின்தடையைக் கேட்டால், R = ρl/A என்பதன்படி 0.0162 ஓம் வர வேண்டும். குறைக்குறி தொலைந்துபோனால் அதே கணக்கு 1.62 × 10¹⁴ ஓம் என்று முடியும். கம்பி மின்சாரத்தைக் கடத்தவே கடத்தாது என்று சொல்லும் விடை அது என்பதால், கவனித்துப் பார்ப்பவர் உடனே பிடித்துவிடலாம்.

ஆபத்து இப்படிப் பளிச்சென்று தெரிகிற பிழைகளில் இல்லை. ஓம் குறியான Ω, மங்கிய படத்தில் சுழியம் போலத் தோன்றும். 5 Ω என்பது 50 ஆகிவிடும். 5 ஓமும் 10 ஓமும் தொடர் இணைப்பில், 6 வோல்ட் மின்கலத்தோடு இருந்தால் மின்னோட்டம் 0.4 ஆம்பியர். 5 ஓம் 50 ஆகிவிட்டால் மொத்த மின்தடை 60 ஓம், மின்னோட்டம் 0.1 ஆம்பியர். இரண்டு விடைகளுமே அழகாக முடிவதால், விடையைப் பார்த்து மட்டும் பிழையைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஆகவே வினா எழுத உட்காருவதற்கு முன்பே ஒரு சோதனை செய்ய வேண்டும். பாடத்துக்குள் தீர்த்துக் காட்டப்பட்ட கணக்குகள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் இரண்டு மூன்றை, ஸ்கேனில் உங்களுக்குத் தெரியும் எண்களை மட்டும் வைத்துத் தாளில் போட்டுப் பாருங்கள். புத்தகத்தின் விடையே வந்தால் அந்தப் பக்கங்களை நம்பலாம். வராவிட்டால், அந்தப் பக்கத்தை மட்டும் பகல் வெளிச்சத்தில் மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மங்கிய எண்ணை ஊகித்து நிரப்பக் கூடாது. மின்தடை எண் அட்டவணை இருக்கும் பக்கத்தை, படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அச்சுப் புத்தகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுவது நல்லது.

பக்க எண்களையும் வரிசையாகப் பாருங்கள். இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டு ஒன்று விடுபட்டிருப்பது அடிக்கடி நடக்கும். பக்க இணைப்பு விளக்கப்பட்டிருக்கும் பக்கம் இல்லாமல் போனால், வினாத்தாள் முழுவதும் தொடர் இணைப்பாகவே நிறைந்துவிடும், அப்படி ஆனது யார் கண்ணிலும் படாது.

அறிகுறி: புத்தகத்தில் இல்லாததைக் கேட்டிருப்பதாகப் பிள்ளை சொல்கிறது

அண்ணன் படித்த பழைய புத்தகத்திலிருந்து ஸ்கேன் எடுத்திருப்பார்கள். 2022-23 கல்வியாண்டில் என்.சி.இ.ஆர்.டி. பாடங்களைக் குறைத்தபோது, பத்தாம் வகுப்பு அறிவியலிலிருந்து தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு முழுப் பாடமாகவே நீக்கப்பட்டது. அதனால் முன்பு பன்னிரண்டாம் பாடமாக இருந்த மின்சாரம் பதினொன்றாம் பாடம் ஆனது. ஸ்கேனின் முதல் பக்கத்தில் பாட எண் 12 என்று இருந்தால் அது பழைய பதிப்பு. புதிய பதிப்பை என்.சி.இ.ஆர்.டி. இணையதளத்திலிருந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அந்தக் கோப்பு கிடைத்துவிட்டால் ஸ்கேனின் மற்றத் தொல்லைகளும் பாதி தீர்ந்துவிடும்.

அறிகுறி: வீட்டில் முழு மதிப்பெண், பள்ளித் தேர்வில் தடுமாற்றம்

பெற்றோர் என்னிடம் மிகுதியாகச் சொல்லும் குறை இதுதான். "வீட்ல இருபதுக்கு இருபது வாங்கறான் அக்கா, ஸ்கூல் பேப்பர்ல மட்டும் என்ன ஆறதுன்னே தெரியல" என்பார்கள். அந்த வீட்டு வினாத்தாளை வாங்கிப் பார்த்தால், ஒவ்வொரு வினாவும் பாடத்தின் ஒரு வரியைத் திருப்பிப் போட்டதாக இருக்கும். "கடத்தியின் மின்தடை அதன் நீளம், குறுக்குவெட்டுப் பரப்பு, பொருளின் தன்மை ஆகியவற்றைச் சார்ந்தது" என்று புத்தகத்தில் இருக்கும். "மின்தடை எவற்றைச் சார்ந்தது?" என்று வினாத்தாள் கேட்கும். பிள்ளை அந்த வரி இருக்கும் இடத்தை நினைவில் வைத்திருப்பதைத்தான் இந்த வினா சோதிக்கிறது.

இதைச் சரிசெய்ய, வரிகளிலிருந்து வினா எழுதுவதை நிறுத்திவிட்டு, முதலில் பாடம் என்னென்ன கூறுகிறது என்பதை உங்கள் சொந்த வாக்கியங்களில் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். மின்சாரம் பாடத்துக்கு அப்படிப் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள் போதும். ஸ்கேனை மூடி வைத்துவிட்டு, அந்த வாக்கியங்களைப் பார்த்து மட்டுமே வினாக்களை எழுதுங்கள்.

மேலே சொன்ன ஒரே கருத்திலிருந்து மூன்று நிலைகளில் வினா எழுதலாம். எளிய நிலையில், "கம்பியின் நீளம் இரு மடங்கானால், பரப்பு மாறாதபோது, மின்தடை என்ன ஆகும்?" என்று கேட்கலாம். இதற்கு ஒரே பார்வை போதும். நடு நிலையில், "4 ஓம் கம்பி ஒன்று சீராக இழுத்து இரு மடங்கு நீளமாக்கப்படுகிறது, புதிய மின்தடை என்ன?" என்று கேட்கலாம். இழுக்கும்போது கம்பியின் கன அளவு மாறாது, ஆகவே பரப்பு பாதியாகும் என்று பிள்ளை தானே கண்டுகொள்ள வேண்டும். நீளத்தால் இரு மடங்கு, பரப்பால் இன்னொரு இரு மடங்கு, விடை 16 ஓம். பரப்பை மறந்த பிள்ளை 8 என்று எழுதும். கடின நிலையில், "அதே 4 ஓம் கம்பி இரு சம துண்டுகளாக வெட்டப்பட்டு, அவை பக்க இணைப்பில் இணைக்கப்படுகின்றன" என்று கேட்கலாம். துண்டு ஒவ்வொன்றும் 2 ஓம், பக்க இணைப்பில் மொத்தம் 1 ஓம். பாடத்தின் வெவ்வேறு இடங்களில் இருக்கும் இரண்டு கருத்துகளை இங்கே சேர்க்க வேண்டியிருக்கிறது.

கடினம் என்றால் பெரிய எண்கள் என்று நினைத்து, 4 ஓமுக்குப் பதில் 37.6 ஓம் என்று மாற்றுகிறவர்கள் உண்டு. அதனால் பெருக்கல் பிழைதான் கூடும், இயற்பியல் கடினமாகாது. வினாவை எழுதுபவர் பிள்ளையிடம் எத்தனை முடிவுகளை விட்டுவைக்கிறார் என்பதைக் கொண்டே நான் கடினத்தை அளக்கிறேன். சூத்திரம் எது என்று வினாவே சொல்லிவிட்டால் எளிது. சூத்திரத்தைப் பிள்ளை தேர்ந்தெடுக்கவோ, வினாவில் எழுதப்படாத ஒரு நிபந்தனையைக் கண்டுபிடிக்கவோ வேண்டுமானால் நடு நிலை. பாடத்தின் வெவ்வேறு இடங்களில் இருக்கும் இரண்டு கருத்துகளைக் கோக்க வேண்டுமானால் கடினம்.

எந்த விகிதத்தில் கலப்பது என்பது, பாடத்தைப் பிள்ளை எத்தனாவது முறை பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. பாடத்தை இப்போதுதான் படித்து முடித்திருந்தால், இருபது மதிப்பெண்ணில் பன்னிரண்டு எளிய நிலைக்குப் போகட்டும். முன்தேர்வு முடிந்து, பிப்ரவரி பொதுத் தேர்வுக்குத் திருப்புதல் நடக்கிறது என்றால், எளியது ஐந்தைத் தாண்ட வேண்டியதில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் வினாத்தாள் எழுத முடியாது. ஆகவே படங்கள் வந்தவுடன் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "இந்தப் பாடத்தை அவன் எத்தனை தடவை படிச்சிருக்கான், டெஸ்ட் என்னைக்கு?" என்பதுதான்.

அறிகுறி: கொள்குறி வினாக்கள் எல்லாம் சரி, அதே கணக்கை விரிவாகக் கேட்டால் தெரியவில்லை

நான்கு விடைகளில் மூன்று, பார்த்தவுடனே தள்ளிவிடக் கூடியவையாக இருந்திருக்கும். 6 ஓமும் 3 ஓமும் பக்க இணைப்பில் இருக்கும்போது மொத்த மின்தடை என்ன என்று கேட்டுவிட்டு, 2, 100, 250, 1000 என்று விடைகளைக் கொடுத்தால், பாடமே படிக்காத பிள்ளையும் 2 என்று குறித்துவிடும்.

தவறான விடை ஒவ்வொன்றும், பிள்ளைகள் உண்மையில் செய்யும் ஒரு பிழையிலிருந்து பிறந்ததாக இருக்க வேண்டும். இதே கணக்கில், தொடர் இணைப்பு என்று நினைத்துக் கூட்டுகிற பிள்ளைக்கு 9 வரும். 1/6-ஐயும் 1/3-ஐயும் கூட்டிவிட்டுத் தலைகீழாக்க மறக்கிற பிள்ளைக்கு 0.5 வரும். சராசரி எடுக்கிற பிள்ளைக்கு 4.5 வரும். சரியான விடையான 2-ஐயும் சேர்த்து, 0.5, 2, 4.5, 9 என்று ஏறுவரிசையில் வைத்துவிடுங்கள். இப்போது பிள்ளை தவறாகக் குறித்தாலும் அந்தக் குறியே உங்களுக்கு ஒரு செய்தி. 9 என்று குறித்த பிள்ளைக்குப் பக்க இணைப்பையே மறுபடி விளக்க வேண்டும். 0.5 என்று குறித்த பிள்ளைக்குக் கருத்து தெரியும், கடைசிப் படியை மட்டும் நினைவூட்டினால் போதும். விடைக்குறிப்பில் சரியான எழுத்தை மட்டும் போடாமல், ஒவ்வொரு தவறான விடைக்கும் பக்கத்தில் அது எந்தப் பிழை என்று நான்கைந்து சொற்களில் எழுதிவைத்தால், பெற்றோரே வீட்டில் திருத்தும்போதும் இது பயன்படும்.

கூற்றும் காரணமும் கேட்கும் வினாக்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். "கூற்று: அம்மீட்டரைத் தொடர் இணைப்பில் இணைக்க வேண்டும். காரணம்: அம்மீட்டரின் மின்தடை மிகக் குறைவு" என்று ஒரு வினா எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் உண்மை. ஆனால் காரணம் கூற்றை விளக்குகிறதா? மின்தடை குறைவாக இருப்பதால்தான் சுற்றின் மின்னோட்டம் மாறாமல் அதை இணைக்க முடிகிறது என்று ஒருவர் வாதிடலாம். தொடர் இணைப்பில் எங்கும் ஒரே மின்னோட்டம் பாய்வதுதான் உண்மையான காரணம் என்று மற்றவர் வாதிடலாம். ஆசிரியர்களே இரண்டு பக்கமும் நிற்கக் கூடிய வினாவைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. காரணத்தை, "தொடர் இணைப்பில் எல்லாப் பகுதிகளிலும் ஒரே மின்னோட்டம் பாயும்" என்று மாற்றிவிட்டால், அது கூற்றின் சரியான விளக்கம் என்பதில் யாருக்கும் ஐயம் வராது.

அறிகுறி: பத்தி கொடுத்துக் கேட்ட வினாவைப் பத்தியைப் படிக்காமலே எழுதிவிடுகிறது

பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு கீழுள்ள உட்பிரிவுகளுக்கு நீங்களே விடை எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் அந்தப் பத்தி வெறும் அலங்காரம். பத்தியில் இருக்கும் எண்ணோ நிலைமையோ இல்லாமல் விடை வரக் கூடாது.

தில்லிக் குளிரில் எல்லா வீட்டிலும் ஓடும் கீசரை எடுத்துக்கொள்ளலாம். 220 வோல்ட்டில் 2000 வாட் கீசர் நாளொன்றுக்கு அரை மணி நேரம் ஓடுகிறது, வீட்டுக்காரர் அதை 5 ஆம்பியர் பிளக்கில் இணைத்திருக்கிறார் என்று பத்தியில் சொல்லுங்கள். முதல் உட்பிரிவு அது எடுக்கும் மின்னோட்டத்தைக் கேட்கட்டும், ஏறத்தாழ 9.1 ஆம்பியர் வரும். இரண்டாவது, அந்த பிளக் ஏன் பொருந்தாது என்று கேட்கட்டும். மூன்றாவது, முப்பது நாளில் எத்தனை யூனிட் செலவாகும் என்று கேட்கட்டும். இரண்டு கிலோவாட்டை அரை மணியால் பெருக்கினால் நாளுக்கு ஒரு யூனிட், மாதத்துக்கு 30 யூனிட். முதல் உட்பிரிவில் தவறிய பிள்ளையும் மூன்றாவதைச் சரியாகப் போட முடியும் என்பதைக் கவனியுங்கள். ஒன்றின் விடையையே முழுவதும் நம்பி அடுத்ததை அமைத்தால், ஒரே பிழைக்கு நான்கு மதிப்பெண்ணும் போய்விடும், எங்கே தெரியும் எங்கே தெரியாது என்பதும் நமக்குப் புரியாமல் போகும்.

அறிகுறி: விடைக்குறிப்பு தவறு என்கிறது, பிள்ளையோ தன் விடை சரி என்கிறது

பிள்ளையின் விடையை முதலில் படியுங்கள். பல நேரம் பிள்ளை சொல்வதுதான் சரியாக இருக்கும்.

220 வோல்ட், 100 வாட் என்று குறிக்கப்பட்ட குண்டு பல்பை 110 வோல்ட்டில் எரித்தால் அது எடுக்கும் மின்திறன் என்ன? மின்னழுத்தம் பாதி, ஆகவே திறனும் பாதி என்று கருதி, விடைக்குறிப்பில் 50 வாட் என்று எழுதியிருப்பார்கள். பல்பின் மின்தடை 220-இன் வர்க்கத்தை 100-ஆல் வகுத்தது, அதாவது 484 ஓம். 110-இன் வர்க்கத்தை 484-ஆல் வகுத்தால் 25 வாட். கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எழுதிய விடைக்குறிப்பு, சரியாகப் போட்ட பிள்ளையை இங்கே தண்டிக்கிறது.

இதே வினாவில் இன்னொரு நுட்பமும் உண்டு. குறைந்த மின்னழுத்தத்தில் இழை அவ்வளவு சூடேறாது, சூடு குறைந்தால் டங்ஸ்டனின் மின்தடையும் குறையும், ஆகவே உண்மையான பல்பு 25 வாட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எடுக்கும். கூர்மையான பிள்ளை ஒன்று இதைக் கேட்டே தீரும். "இழையின் மின்தடை மாறாது எனக் கொள்க" என்ற வரியை வினாவிலேயே சேர்த்துவிட்டால் 25 வாட் ஒன்றே விடையாக நிற்கும்.

விடைக்குறிப்பைத் தயாரிக்க நம்பகமான வழி, வினாவை எழுதிய அன்றே அதை எழுதாமல் இருப்பது. வினாத்தாளை ஒரு நாள் ஒதுக்கி வைத்து, மறுநாள் ஸ்கேனையும் குறிப்புகளையும் பார்க்காமல் ஒரு மாணவர் போல முழுவதும் எழுதுங்கள். வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அவர்களையே எழுதச் சொல்வது இன்னும் நல்லது. எழுதிய விடை நீங்கள் நினைத்திருந்த விடையோடு மாறுபடும் இடத்தில், விடை தவறா, வினாவின் சொல் தெளிவில்லையா என்று பாருங்கள். பாதிக்கு மேல் வினாவின் சொற்களைத்தான் திருத்த வேண்டியிருக்கும்.

மூன்று மதிப்பெண் கணக்குக்கு விடைக்குறிப்பில் இறுதி எண் மட்டும் இருந்தால் போதாது. சூத்திரத்துக்கு ஒன்று, எண்களை இட்டதற்கு ஒன்று, அலகோடு கூடிய விடைக்கு ஒன்று என்று பிரித்து எழுதுங்கள். 0.0162 ஓம் என்பதும் 1.62 × 10⁻² ஓம் என்பதும் ஒன்றே என்று குறிப்பிடுங்கள், ஏனென்றால் திருத்தப்போகும் அப்பாவோ அம்மாவோ அறிவியல் படித்தவராக இல்லாமல் இருக்கலாம். ஒவ்வொரு விடைக்கும் எதிரே புத்தகத்தின் பக்க எண்ணைப் போட்டால், தவறிய பிள்ளை நேராக அந்த இடத்துக்குப் போய்ப் படிக்கும். விடைக்குறிப்பைத் தனித் தாளில், தனிக் கோப்பாக அனுப்புங்கள். ஒரே கோப்பில் இருந்தால் ஜெராக்ஸ் கடையில் முன்னும் பின்னுமாக அச்சிட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

அறிகுறி: பாதி வினாத்தாளில் நேரம் முடிந்துவிடுகிறது

பொதுத் தேர்வில் அறிவியலுக்கு 80 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதாவது மதிப்பெண்ணுக்கு இரண்டே கால் நிமிடம். இருபது மதிப்பெண் வினாத்தாளுக்கு 45 நிமிடம் கொடுக்க வேண்டும். நீங்களே எழுதிப் பார்க்கும்போது 25 நிமிடத்துக்கு மேல் ஆனால் வினாத்தாள் நீளம் என்று கொண்டு, ஒரு மூன்று மதிப்பெண் கணக்கை எடுத்துவிட்டு ஒரு மதிப்பெண் வினாக்கள் மூன்றைச் சேருங்கள்.

நேரம் போதாமைக்கு இன்னொரு காரணம், கடினமான கணக்கை முதலிலேயே வைப்பது. அங்கே சிக்கிய பிள்ளை தெரிந்த வினாக்களைத் தொடாமலே தாளைக் கொடுத்துவிடும், அந்தத் தாளிலிருந்து நாம் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. எளியவற்றை முன்னால் வைத்து, கம்பியை வெட்டிப் பக்க இணைப்பில் சேர்ப்பது போன்ற வினாக்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பிள்ளை தவறவிட்ட வினாக்களை நான்கைந்து நாள் கழித்து எண்களை மாற்றி, 4 ஓமுக்குப் பதில் 12 ஓம் என்று வைத்து மறுபடி கொடுங்கள். அப்போது 3 ஓம் என்று வந்தால் அந்த வினாவை அடுத்த வினாத்தாளிலிருந்து எடுத்துவிடலாம்.